ஆக்சிஜன் 98 காட்டுது, ஆனா ஐசியூவுக்கு மாத்தணும்னு சொல்றாங்க. ஏன்?

கல்லிடை மச்சினன்

வணக்கம். ஐசியூவில் வேலை பார்ப்பவர்களோ, இந்த நோய் வந்து மீண்டவர்களோ இருந்தால் பதில் சொல்லுங்கள். எங்கள் அத்தானுக்கு 46 வயது, எடை 60 கிலோ இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வேலை. கோயில் கொடைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டது. அதை நாங்கள் மறந்தே போனோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாதம் இரண்டும் மதமதவென்று இருக்கிறது என்றார். மறுநாள் நடக்கும்போது ரப்பர் செருப்பு காலை விட்டுக் கழன்று கழன்று போனது. அதற்கடுத்த நாள் தரையில் உட்கார்ந்தவரால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. நான்காம் நாள் சாரத்தை இறுக்கிக் கட்டக் கையில் பலம் இல்லை.

பாளையங்கோட்டையில் சேர்த்திருக்கிறோம். முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், கால் துள்ளவே இல்லை. கில்லன் பாரே, ஜிபிஎஸ் என்கிறார்கள். என் கேள்வி இதுதான். விரலில் மாட்டும் கிளிப்பில் ஆக்சிஜன் 98 காட்டுகிறது. அவரும் "எனக்கு மூச்சுமுட்டல் ஒண்ணும் இல்லடே" என்கிறார். ஆனால் டாக்டர் இன்றைக்கே ஐசியூ என்கிறார். ஐசியூவுக்குள் போனவர் திரும்ப மாட்டார் என்று அக்கா அழுகிறாள். 98 இருக்கும்போது இது தேவைதானா?

வள்ளியூர் அண்ணாச்சி

தம்பி, 95க்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கரோனா காலத்தில் எல்லாரும் அதை வைத்துத்தானே வீட்டிலேயே சமாளித்தோம்? 94க்குக் கீழே போனால் மட்டும் யோசியுங்கள்.

அதைவிட முக்கியம், ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தார்களா? என் கடையில் வேலை பார்த்த பையன் ஒருநாள் காலையில் கால் கை அசைக்க முடியாமல் கிடந்தான். பொட்டாசியம் ரொம்பக் குறைவு என்று மருந்து கொடுத்தார்கள், மறுநாள் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அப்புறம் அத்தான் வயலில், தரையில் படுப்பவரா? கட்டுவிரியன் கடித்தால் சில நேரம் பல் பட்ட தடமே தெரியாது. அதையும் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி நாலு போட்டால் நரம்பு வீக்கம் வற்றிவிடும்.

வார்டு அக்கா

தம்பி, நான் நரம்பியல் ஐசியூவில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அண்ணாச்சி சொன்ன பொட்டாசியமும் பாம்புக்கடியும் நம் பக்கத்தில் கட்டாயம் கேட்க வேண்டியவைதான். பெரும்பாலும் சேர்த்த அன்றே பார்த்திருப்பார்கள். பொட்டாசியம் குறைந்த வாதம் பல நேரம் ஒரே இரவில் வந்து நிற்கும், உணர்ச்சி மாறாது. கட்டுவிரியன் விஷம் என்றால் முதலில் இமை சொருகும், பேச்சு குழறும், கால் பிறகுதான். உங்கள் அத்தானுக்குப் பாதத்தில் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறியிருக்கிறது, மதமதப்பும் கூடவே வந்திருக்கிறது, அதற்கு முன்னால் வயிற்றுப்போக்கு. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி நரம்பின் உறையைத் தாக்குவதால் வருவது இது. 2025 தொடக்கத்தில் புனேயில் நிறையப் பேருக்கு வந்ததே, அதே நோய்.

ஆனால் 98ஐ நம்புவது சரியில்லை. கரோனாவில் கெட்டது நுரையீரல், அதனால் ஆக்சிஜன் முதலில் இறங்கியது. இதில் நுரையீரல் நன்றாகவே இருக்கிறது. அதை விரித்துச் சுருக்குகிற தசைதான் தளர்கிறது. கொல்லன் பட்டறையில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, துருத்தி மிதிக்கிறவன் கால் ஓய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் காற்று குறையக் குறைய உடம்பு வேகவேகமாகச் சின்ன மூச்சு விட்டு ஈடுகட்டும். அந்த நேரம் முழுக்க கிளிப் 98, 97 என்றுதான் காட்டும். அது 90க்கு இறங்கும்போது கையில் நேரம் இருக்காது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வேறு போட்டிருந்தால் இன்னும் மோசம். எண் நன்றாகவே இருக்கும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும்.

இப்போதே அவரிடம் நான்கு விஷயம் பாருங்கள். தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கி, தாடையை நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். கழுத்தை வளைக்கும் தசைக்கும் மூச்சு விடும் உதரவிதானத்துக்கும் நரம்பு ஏறக்குறைய ஒரே மட்டத்திலிருந்துதான் வருகிறது. கழுத்து தூக்க முடியவில்லை என்றால் மூச்சும் அடுத்து வருகிறது என்று எடுத்துக்கொள்வோம். இருமச் சொல்லுங்கள், சத்தம் வருகிறதா வெறும் காற்று வருகிறதா என்று கேளுங்கள். பேச்சு மூக்கால் வருகிறதா, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்து, மூச்சை முழுக்க இழுத்து ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். விநாடிக்கு இரண்டு எண் வேகம். நல்ல ஆள் 40, 50 வரை போவார். 20க்குக் கீழே வந்தால் எங்களுக்கு மணி அடித்த மாதிரி.

சங்கரன்கோவில் செல்வி

எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் கை கால் விழுந்தது. ஒரு பக்கம் மட்டும், வாய் கோணிவிட்டது. மூன்று மாதம் தைலம் தேய்த்து நீவிவிட்டதில்தான் நடந்தார். ஐசியூவில் போட்டு ட்யூப் மாட்டிவிட்டால் தேய்க்க விட மாட்டார்கள். நாள் தப்பினால் நரம்பு செத்துப்போகும் என்று வைத்தியர் சொல்வார். வீட்டுக்குக் கூட்டிவாருங்கள் தம்பி, நல்ல வைத்தியர் இருக்கிறார்.

வார்டு அக்கா

செல்விம்மா, அப்பாவுக்கு வந்தது மூளை ரத்தக்குழாய் அடைப்பு. ஒரு பக்கம் விழும், வந்த அன்றோடு பெரும்பாலும் நின்றுவிடும், மூச்சுத் தசை அவ்வளவாகப் பாதிக்காது. இது இரண்டு பக்கமும் சமமாக, இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம் வரைகூட ஏறிக்கொண்டே போகும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வெண்டிலேட்டர் தேவைப்படும் என்பதே கணக்கு. இந்த நிலையில் காரில் ஏற்றிக் கூட்டிப்போவது உயிருக்கு ஆபத்து.

நீவுவதும் இப்போது வேண்டாம். அசையாத காலில் ரத்தம் உறைந்திருந்தால், அழுத்தித் தேய்க்கும்போது அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் தினமும் வயிற்றுத் தோலில் ஒரு சின்ன ஊசி போடுவார்கள். இன்னொன்று, இந்த நோயில் வலி கடுமையாக இருக்கும். முதுகு, தொடை எல்லாம் இரவில் பிடுங்கும், போர்வை பட்டாலே கத்துவார்கள். அசைக்கவே முடியாத காலில் என்ன வலி என்று வீட்டார் நினைப்பார்கள். நிஜமான வலி அது, மருந்து கேட்டு வாங்குங்கள்.

கல்லிடை மச்சினன்

அக்கா, ஐசியூவுக்கு மாற்றிவிட்டோம். நீங்கள் சொன்ன மாதிரி எண்ணிப் பார்த்தோம். சாயங்காலம் 6 மணிக்கு 24. இரவு 9 மணிக்கு 19. 1 மணிக்கு 13தான் வந்தது, நடுவில் நிறுத்திவிட்டார். மூன்று தடவையும் கிளிப்பில் 98, 98, 97. மூச்சு நிமிடத்துக்கு 18 இருந்தது 28 ஆகிவிட்டது என்று சிஸ்டர் சார்ட்டில் எழுதினார்கள். தலையைத் தூக்கச் சொன்னால் அரை அங்குலம்தான் எழும்புகிறது. நெற்றியில் வேர்வை. "களைப்பா இருக்கு, கொஞ்சம் தூங்குறேன்" என்கிறார். தூங்க விடலாமா? அக்கா ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள், இரண்டு வாய் கொடுக்கச் சொல்கிறாள்.

வார்டு அக்கா

கஞ்சி கொடுக்காதீர்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வேண்டாம். தொண்டை தளர்ந்திருந்தால் நுரையீரலுக்குள் போகும், வெளியே தள்ள இருமலும் இல்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள், அக்காவிடம் அதைச் சொல்லுங்கள்.

அந்தக் களைப்பு சாதாரணத் தூக்கக் களைப்பு இல்லை. அதை இப்போதே, இந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்லுங்கள். அவரை மட்டமாகப் படுக்கவைக்க வேண்டாம், வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். வயிற்றைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது நமக்கு வயிறு வெளியே வரும். அவருக்கு உள்ளே போகிறதா?

பாளை பிஜி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் மயக்கவியல் மேற்படிப்பு மாணவன். அக்கா சொன்ன திசை சரி. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது. அந்த 20 என்ற எல்லை இங்கிலீஷ் எண்ணை வைத்து வந்தது. தமிழில் "இருபத்தேழு" சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள். அதனால் நான் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணவைத்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வேன், பக்கத்தில் இருப்பவர் பத்துகளை விரலில் பிடித்துக்கொள்ளலாம். ஒரே முறை, ஒரே உட்காரும் நிலை என்றால், அவருடைய முந்தைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடலாம். 24 பிறகு 13 என்பது எந்த மொழியில் எண்ணினாலும் பயப்பட வேண்டிய இறக்கம்தான்.

ஐசியூவில் ஸ்பைரோமீட்டர் இருக்கும், முழு மூச்சு இழுத்து எவ்வளவு காற்று ஊதுகிறார் என்று அளப்பார்கள். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 20 மில்லி என்றால் 1200 மில்லி. அதற்குக் கீழே போனாலும், முதலில் அளந்ததிலிருந்து 30 சதவீதம் குறைந்தாலும் வெண்டிலேட்டருக்காக மூச்சுப் பாதையில் குழாய் போடத் தயாராக வேண்டும். முகத் தசை தளர்ந்தவருக்கு உதட்டோரம் காற்று கசியும், அளவு பொய்யாகக் குறையும், அதனால் உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஊதவைக்க வேண்டும். ரத்த வாயு பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 40 வந்தால் "நார்மல்" என்று விட்டுவிடுவார்கள். நிமிடத்துக்கு 28 தடவை மூச்சு விடுகிறவருக்கு அது 40க்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். அங்கே 40 என்றால் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கல்லிடை மச்சினன்

இரவு 2 மணிக்கு ஊதவைத்தார்கள், 1.9 லிட்டர். விடியற்காலை 5 மணிக்கு 1.3. கார்பன் 44. டாக்டர் அக்காவை உட்காரவைத்துப் பேசிவிட்டு, ஆறரை மணிக்கு நிதானமாகக் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தார்கள். அப்போதும் கிளிப்பில் 96தான். தானம் வந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரத மருந்தாம், இம்யூனோகுளோபுலின், அதை இன்று தொடங்குகிறார்கள்.

பாளை பிஜி

நிதானமாகப் போட்டது பெரிய விஷயம். மூச்சு நின்ற பிறகு ஓடிவந்து போடுவது வேறு, அதில் நேரமும் போகும், இதயமும் நிற்கலாம். இங்கே படிக்கும் இளையவர்களுக்கு ஒன்று மட்டும்: இந்த நோயாளிக்குக் குழாய் போடும்போது சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்து வேண்டாம். பொட்டாசியம் திடீரென்று ஏறி இதயம் நின்றுவிடக்கூடும்.

இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள். உங்கள் அத்தானுக்கு நாளைக்கு 24 கிராம், மொத்தம் 120 கிராம். விலை கூடியது, காப்பீட்டு அட்டையைக் கவுண்டரில் இன்றே காட்டிவிடுங்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றமும் அதே அளவு பலன் தரும். எது கையில் சீக்கிரம் கிடைக்கிறதோ அது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதில் கூடுதல் லாபம் இல்லை, ஏற்றிய மருந்தைப் பிளாஸ்மாவோடு வெளியே எடுத்துவிடுவோம்.

வள்ளியூர் அண்ணாச்சி

ஸ்டீராய்டு இருநூறு ரூபாயில் முடிகிற விஷயம், இதற்கு லட்சக்கணக்கில் ஏன்? என் மைத்துனருக்கு இதே போல நரம்புத் தளர்ச்சி, ஸ்டீராய்டில்தான் எழுந்தார். கண்ணால் பார்த்தேன்.

பாளை பிஜி

அண்ணாச்சி, உங்கள் மைத்துனருக்குத் தளர்ச்சி எத்தனை வாரமாக ஏறியது? இரண்டு மாதத்துக்கு மேல் மெதுவாக ஏறினால் அது வேறு வகை, அதற்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். ஜிபிஎஸ்ஸுக்கு அதைப் பல முறை சோதித்துவிட்டார்கள், பலன் இல்லை. மாத்திரையாகக் கொடுத்தவர்களுக்குத் தேறுவதே தாமதமானது. குணம் வரவில்லை என்று இரண்டாவது சுற்று இம்யூனோகுளோபுலின் கேட்கிறவர்களும் உண்டு. 2021ல் வந்த ஆய்வில் அதிலும் லாபம் இல்லை, ரத்தம் உறைவது போன்ற தொல்லைதான் கூடியது.

வள்ளியூர் அண்ணாச்சி

ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தது. சரி, அப்போ வேறதான் போல. ஆனாலும் இந்த விலைக்கு ஏழை என்ன செய்வான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தென்காசி தையல்காரர்

இதே நோய் எனக்கு வந்து, பல வாரம் வெண்டிலேட்டரில் இருந்தவன் நான். இப்போது மெஷின் மிதிக்கிறேன். தம்பி, உங்கள் அத்தானுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். தசைதான் போயிருக்கிறது, மூளை அல்ல. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "இது தேறாது" என்று பேசியவர்களை இன்றும் குரல் வைத்து அடையாளம் சொல்வேன்.

மிகப் பெரிய பயம், ட்யூப் கழன்றால் யாரையும் கூப்பிட முடியாதே என்பது. விரல் அசையாதவனுக்குப் பெல் சுவிட்ச் எதற்கு? ஒரு சிஸ்டர் அதைக் கன்னத்தோரம் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார், தலையைச் சாய்த்தால் அழுந்தும். அன்றைக்குத்தான் தூங்கினேன். முகமும் தளர்ந்த பிறகு கண் சிமிட்டல். ஒன்று "ஆமாம்", இரண்டு "இல்லை". என் மனைவி முதலில் எழுத்துப் பலகை கொண்டுவந்தாள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி ஒரு சொல் முடிப்பதற்குள் நான் அழுதுவிடுவேன். அப்புறம் அட்டையில் எட்டுச் சொல் மட்டும் எழுதினாள்: வலி, சளி, திருப்பு, கண், சூடு, குளிர், பயம், பேசு. மேலிருந்து விரலை இறக்குவாள், வேண்டிய இடத்தில் சிமிட்டுவேன். அடிக்கடி நின்றது "திருப்பு"விலும் "பயம்"இலும்தான்.

கண்ணைப் பாருங்கள். எனக்கு இமை முழுக்க மூடாது. இரவு முழுக்கத் திறந்தே கிடந்து, மின்விசிறிக் காற்றில் மிளகாய் தூவின மாதிரி எரிந்தது. களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டிய பிறகுதான் நின்றது. அப்புறம் படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால்கூட முதுகுக்கு அடியில் கயிறு கிடப்பது போல இருக்கும். எடுத்துவிடச் சொல்ல வாய் இருக்காது. நீங்களே கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பிசியோ மாரி

தையல்காரர் அண்ணனுக்கு நன்றி. திருப்புவது பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு பேர் சேர்ந்து, விரிப்போடு உருட்டித் திருப்புங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தளர்ந்த தோள் மூட்டு விலகிவிடும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் துணிச்சுருள் வையுங்கள். முட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தெரியும், அதை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கால் வெளியே சாய்ந்து கட்டில் கம்பியில் அழுந்திக் கிடந்தால் அந்த நரம்பும் கெட்டு, நோய் தேறின பிறகும் பாதம் தொங்கும். பாதம் நேராக நிற்கப் பலகையோ தலையணையோ முட்டுக்கொடுங்கள். மூட்டுகளை மெதுவாக அசைத்துக் கொடுக்கலாம், களைக்கும் வரை பயிற்சி வேண்டாம்.

கல்லிடை மச்சினன்

5 நாள் மருந்தும் முடிந்தது. ஏறுவது நின்ற மாதிரி இருக்கிறது, இறங்கவில்லை. நேற்று ஒரு தோளை லேசாகக் குலுக்கினார், அக்கா பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். எட்டுச் சொல் அட்டை வேலை செய்கிறது, அவரும் "பயம்"இல்தான் நிற்கிறார்.

இரண்டு சந்தேகம். கழுத்தில் ஓட்டை போட வேண்டிவரலாம் என்கிறார்கள், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, நேற்று இரவு சளி எடுக்கும்போது நாடித்துடிப்பு 110லிருந்து திடீரென்று 42க்கு இறங்கியது, மானிட்டர் கத்தியது. சிஸ்டர் சளி உறிஞ்சும் குழாயை எடுத்ததும் ஏறிவிட்டது. காலையில் பிரஷர் 190 இருந்தது, மதியம் 100. மாரடைப்பா?

பாளை பிஜி

கழுத்து வழி ட்ரக்கியாஸ்டமி விஷயத்தில் நான் இரண்டு வாரம் பொறுப்பேன். தோள் அசையத் தொடங்கியவர்களில் சிலர் அதற்குள் தாமாக மூச்சு விட்டுவிடுகிறார்கள்.

வார்டு அக்கா

டாக்டர் தம்பி, நான் அவ்வளவு பொறுக்கமாட்டேன். கையும் முகமும் முழுக்கப் போனவர்கள் வெண்டிலேட்டரில் பல வாரம் இருப்பார்கள். வாய்க் குழாயோடு கிடப்பதைவிடக் கழுத்தில் இருந்தால் வாய் சுத்தம் செய்யலாம், மயக்க மருந்து குறைக்கலாம், உட்காரவைக்கலாம். குணமானதும் எடுத்துவிடுவார்கள், துளை மூடிக்கொள்ளும். இதில் உங்கள் யூனிட் டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், அவர்தான் நரம்புப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்திருக்கிறார்.

நாடித்துடிப்பு இறங்கியது மாரடைப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் நரம்புகளையும் இந்த நோய் தொடும். அதனால்தான் ஒரே நாளில் 190ம் 100ம். 190ஐப் பார்த்து அவசரமாக மருந்து போட்டால் தடாலென்று விழும், ஒரே மருந்துக்கு இரண்டு மடங்கு ஆடுவார்கள். உட்காரவைக்கும்போதும் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உயர்த்த வேண்டும். மலச்சிக்கலையும் சிறுநீர் தேங்குவதையும் கவனிக்கச் சொல்லுங்கள், வயிறு உப்பினால் மூச்சும் கெடும்.

சளி எடுப்பதை நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் முதலில் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து, குழாய் உள்ளே பத்து விநாடிக்கு மேல் இல்லாமல், ஒருவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். நாடித்துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசி கட்டில் பக்கமே இருக்கட்டும். நேற்று 42 ஆனதை சார்ட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்று இரவு டூட்டிக்கு வரும் சிஸ்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், டூட்டி மாறும்போதுதான் இதெல்லாம் விட்டுப்போகும்.